ஒரு முழம் (40 விநாடி ரீல், 9:16)

இடம்: மதுரை மேல மாசி வீதி, காலை ஆறரை மணி. ஃப்ளாஷ் கிடையாது, 35 எம்எம் லென்ஸும் சாய்வெயிலும் போதும்.

முதல் ஷாட்டே நெருக்கம்: பூக்காரப் பாட்டியின் விரல்கள். ஈர வாழைநார், இரண்டு மல்லிமொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. இதை எட்டு விநாடி வெட்டாமல் விடுகிறேன். என் படங்களின் உயிரே கைகள்தான். கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வது என் வழக்கமில்லை.

யூனிஃபார்மில் ஒரு சிறுமி. பாட்டி முழம் போட, அவள் சரத்தை வாங்கித் தன் குட்டிக் கையால் அளக்கிறாள்: ஒன்றரை வருகிறது! "பாட்டி, அரை முழம் கூட இருக்கு."

"உன் கைக்கு அப்படித்தான் வரும் கண்ணு, வெச்சுக்கோ."

இங்கே மட்டும் பாட்டியின் முகம், ஒரே ஸ்டில்.

பின்னணி இசை வேண்டாம். தெருச் சத்தமே ஓடட்டும். நிறத்தில் மொட்டின் பச்சை வெளுக்கக் கூடாது.

கடைசி மூன்று விநாடி எழுத்து: "கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புப் படங்கள். மதுரையும் சுற்றுவட்டாரமும். தேதி சொல்லி மெசேஜ் பண்ணுங்க."