நீரிறைக்கும் மோட்டருக்கான விலைமனு: முதலில் தெளிவுபடுத்த வேண்டியவை

திருமலை வீதி,
மட்டக்களப்பு.
2025.09.08

செயலாளர்,
கமக்காரர் அமைப்பு,
கொக்கட்டிச்சோலை.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அமைப்பின் பொது மரக்கறித் தோட்டத்துக்கு "2 குதிரைவலு மோட்டர் ஒன்றும் அதற்குரிய குழாய்களும் பொருத்துவதற்கு" விலைமனு கோரி, செப்டெம்பர் 3ஆம் திகதியிட்டு அனுப்பிய கடிதம் கிடைத்தது. எங்களையும் கேட்டதற்கு நன்றி. தாங்கள் குறிப்பிட்ட செப்டெம்பர் 25ஆம் திகதிக்கு முன்னரே விலைமனுவைத் தர விரும்புகிறோம். ஆயினும் கடிதத்தில் கிணற்றின் விபரமோ, நீர் போய்ச்சேர வேண்டிய தூரமோ, மின் இணைப்பின் வகையோ இல்லாததால், இப்போது ஒரு தொகையை எழுதித் தந்தால் அது பிறகு கூடவோ குறையவோ நேரும். அவ்வாறான விலையை வைத்துக்கொண்டு தங்கள் அங்கத்தவர்களிடம் ஒப்புதல் பெறுவது தங்களுக்கே சங்கடமாகும். எனவே பின்வரும் விடயங்களை மட்டும் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதும் முக்கியமானதும் கிணறு பற்றியது. அது கொங்கிறீற்று வளையம் இறக்கிய கிணறா, குழாய்க்கிணறா, அதன் விட்டம் என்ன, கட்டு விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை அடி, அடித்தளம் வரை எத்தனை அடி என்பன தேவை. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த பகுதியையும் நனையாத பகுதியையும் தனித்தனியே அளந்தால் போதுமானது. இந்த அளவை இந்த வாரமே எடுப்பது நல்லது. ஏனெனில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியபின் எடுக்கும் அளவு கோடையின் நிலைமையைக் காட்டாது. தரையில் வைக்கும் மோட்டர் நடைமுறையில் ஏறத்தாழ 7 மீற்றர், அதாவது 23 அடி ஆழத்திலிருந்துதான் நீரை உறிஞ்சும். நீர் அதற்குக் கீழே போனால் குதிரைவலுவைக் கூட்டியும் பயனில்லை, நீருக்குள் இறக்கும் மோட்டர்தான் வேண்டும். இரண்டுக்கும் விலை வேறு, பொருத்தும் முறையும் வேறு.

இதே இடத்தில் 2 குதிரைவலு என்ற அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளது. 5 அடி விட்டமுள்ள கிணற்றில் 6 அடி நீர் நின்றால், அதில் இருப்பது ஏறத்தாழ 3,300 லீற்றர்தான். மணிக்கு 10,000 லீற்றர் இறைக்கும் மோட்டர் அதை இருபது நிமிடமளவில் வெறுமையாக்கிவிடும். ஊற்று மெதுவானதாக இருந்தால் அதன்பின் மோட்டர் நீரின்றி ஓடி, சீல் எரிந்துபோகும். ஆகவே கிணற்றை ஒருமுறை இறைத்தபின் மீண்டும் ஊறி நிறைய எவ்வளவு நேரம் செல்கிறது என்பதையும் தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். 1 குதிரைவலுவே போதுமானால் அதையே நாங்கள் சிபாரிசு செய்வோம். அதனால் எங்கள் விற்பனைத் தொகை குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் எரிந்த மோட்டரைத் திருத்துவதற்காகத் தாங்கள் ஆற்றைக் கடந்து மட்டக்களப்புக்கு வருவதை நாங்கள் விரும்பவில்லை.

இரண்டாவதாக, நீர் எங்கே போய்ச்சேர வேண்டும்? நீர்த்தாங்கி ஒன்றில் ஏற்றுவதாயின் அதன் உயரத்தையும் கொள்ளளவையும், நேரடியாக வாய்க்காலிலோ சொட்டுநீர்க் குழாயிலோ விடுவதாயின் கிணற்றிலிருந்து கடைசிப் பாத்தி வரையுள்ள தூரத்தையும் குறிப்பிடவும். குழாயின் விட்டத்தை இந்தத் தூரமே தீர்மானிக்கிறது. மெல்லிய குழாயில் நீண்ட தூரம் அனுப்பினால் மோட்டரின் வலுவில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும்.

மூன்றாவதாக, தோட்டத்துக்கு மின் இணைப்பு உள்ளதா, அது சிங்கிள் பேஸா திரீ பேஸா, மீற்றரிலிருந்து கிணறு எவ்வளவு தூரம் என்பன வேண்டும். தூரம் கூடினால் தடித்த வயர் போட வேண்டியிருக்கும். இணைப்பே இல்லையெனில் தெரிவிக்கவும். சூரியத் தகட்டில் இயங்கும் மோட்டருக்குத் தனியான விலையைத் தருவோம்.

இறுதியாக, வயரிங், குழாய் புதைப்பதற்கான கிடங்கு வெட்டுதல், மோட்டருக்கான சிறு கூடு ஆகியவற்றையும் நாங்கள் செய்ய வேண்டுமா, அல்லது கிடங்கு வெட்டுவதை அங்கத்தவர்கள் சிரமதானமாகச் செய்வார்களா என்பதை அறியத்தரவும்.

இவ்விபரங்கள் செப்டெம்பர் 15ஆம் திகதிக்கு முன் கிடைத்தால், மூன்று வேலை நாட்களுக்குள் விலைமனுவை அனுப்பிவைப்போம். அளவெடுப்பது சிரமமாயின் எங்கள் தொழில்நுட்பவியலாளர் ஒருவரைக் கட்டணமின்றி அனுப்புகிறோம். கிணற்றடியில் நிற்கக்கூடிய ஒருவரையும் வசதியான நாளையும் மட்டும் சொன்னால் போதும்.

இங்ஙனம்,
விற்பனைப் பொறுப்பாளர்,
நீரிறைக்கும் இயந்திரங்கள் பிரிவு.