தங்கச்சி, ஸ்டிக்கரையும் அட்டவணையையும் இப்படிப் பார்

தங்கச்சி, உன் பைக்கின் சேர்விஸ் ஸ்டிக்கர், மீற்றர், கையேட்டு அட்டவணை என்று நீ அனுப்பிய மூன்று படமும் தெளிவாக இருக்கிறது. “இன்னும் 1,270 கிலோமீற்றர் இருக்குத்தானே, மழைக்குப் பிறகு பார்ப்பம்” என்று எழுதியிருக்கிறாய். ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதே. ஏனென்று சொல்கிறேன்.

முதலில் சீற்றுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். மேல் வரி கடைசியாக ஒயில் மாற்றிய நாள்: 12.03.2025. அடுத்தது அன்றைக்கு மீற்றர் காட்டியது: 18,420. மூன்றாவது, அடுத்த சேர்விஸ்: 20,920. இப்போது உன் மீற்றர் 19,650. நீ போட்ட கழித்தல் சரி. ஆனால் நீ விரலால் பாதி மறைத்திருக்கும் அடிவரியில் “அல்லது 4 மாதம்” என்று இருக்கிறது. கிலோமீற்றரோ மாதமோ, எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. உனக்கு ஜூலையிலேயே வந்துவிட்டது. கையேட்டு அட்டவணையிலும் ஒயில் வரியில் 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம் என்றுதான் போட்டிருக்கிறது. இது ஒக்டோபர். இரண்டு கணக்கிலும் நாள் தாண்டிவிட்டது.

ஓடாத பைக்குக்கு ஏன் ஒயில் மாற்ற வேண்டும் என்று கேட்பாய். நீ உப்புவெளியிலிருந்து டவுனுக்குப் போய் வருவதோடு சரி. அந்தச் சின்ன ஓட்டத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேற முதலே நிறுத்திவிடுகிறாய். உள்ளே படியும் ஈரமும் எரியாத பெற்றோலும் ஆவியாகாமல் ஒயிலோடு கலந்து கிடக்கும். குறைய ஓடுகிறவர்களுக்குத்தான் மாதக் கணக்கு முக்கியம்.

இனி அட்டவணை. மேலே 1, 5, 10, 15, 20 என்று இருப்பவை ஆயிரம் கிலோமீற்றர்கள். உனக்கு இப்போது வேண்டியது 20 என்ற கட்டம் மட்டும். அதை மேலிருந்து கீழே வாசி. I என்றால் பார்த்துச் சோதிப்பது, C துப்புரவாக்குவது, A சரிசெய்வது, L ஒயில் அல்லது கிரீஸ் போடுவது, R புதிதாக மாற்றுவது. I இருக்கும் இடத்தில் கராஜில் “மாத்தவேணும்” என்றால், பழையதைக் காட்டச் சொல்லிக் கேள். R இருக்கும் இடத்தில் “துடைச்சா காணும்” என்றால் சம்மதிக்காதே.

முக்கியமாக எயார் ஃபில்டர். உன்னுடையது ஒயில் ஊறிய கடதாசி வகை என்று அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் காற்றடித்துத் துப்புரவாக்கக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். 15 என்ற கட்டத்தில் R இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் மாற்றினாரோ தெரியாது, ஆகவே திறந்து பார்க்கச் சொல். அந்த வரியில் இருக்கும் இரட்டை நட்சத்திரத்தின் விளக்கம் அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது: தூசியும் ஈரமும் உள்ள இடங்களில் இன்னும் சீக்கிரமாகச் செய்யவும். கடற்கரை மணல் பறக்கும் நம்முடைய ஊருக்கு அது அப்படியே பொருந்தும்.

செயின் வரியில் கட்டமே இல்லை, குறுக்கே “ஒவ்வொரு 500 கிலோமீற்றருக்கும் C, L” என்று நீளமாக எழுதியிருக்கிறது. நீ அனுப்பிய படத்தின் ஓரத்தில் செயின் தெரிகிறது. கண்ணிகளின் இடையில் செம்மஞ்சள் தூள். அது உப்புக்காற்றின் வேலை. பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, கீழ்ச் செயினின் நடுவில் அடிமட்டத்தைப் பிடித்து விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார். 20 முதல் 30 மில்லிமீற்றர் அசைய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அளக்காதே, சில்லைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் அள. ஒரு இடத்தில் இறுக்கமும் இன்னொரு இடத்தில் தளர்வும் என்றால் செயின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், இறுக்கிப் பிரயோசனமில்லை.

பிளக், பிரேக் கட்டை, கேபிள் எல்லாம் 20இல் I தான், அவர்களே பார்ப்பார்கள். வால்வு இடைவெளி மட்டும் எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டியது; ஆகவே முதல் நாள் பின்னேரமே பைக்கை விட்டுவிடு. முன் டிஸ்க் பிரேக்கின் ஒயிலுக்குக் கிலோமீற்றர் இல்லை, 2 வருடத்துக்கு ஒருமுறை R. எப்போது மாற்றியது என்று எந்தத் துண்டிலும் இல்லாததால் இப்போதே மாற்றிவிடு, மூடியில் DOT 4 என்று இருக்கிறது.

ஒயில் வாங்கும்போது 10W-30, போத்தலில் மோட்டார்சைக்கிள் ஒயிலுக்கான JASO MA குறி இருக்கிறதா பார். கார் ஒயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். அட்டவணையில் இரண்டு அளவு இருக்கிறது: எஞ்சினைப் பிரித்தால் 1.0 லீற்றர், ஒயில் மட்டும் மாற்றினால் 0.8. உனக்கு 0.8 தான். ஒரு லீற்றர் போத்தலை முழுதாகக் கவிழ்க்க விடாதே, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வா.

சனிக்கிழமைக்கு முதல் போ, மழை பிடித்துவிட்டால் கராஜ்களில் கூட்டம் கூடிவிடும். புது ஸ்டிக்கரில் கிலோமீற்றரோடு திகதியையும் எழுதச் சொல். செயின் அளந்ததும் எத்தனை மில்லிமீற்றர் என்று எனக்கு அனுப்பு.