எத்தனை? எத்தனை பேர்? எத்தனை தாள்? ஜப்பானிய எண்ணல் பயிற்சித்தாள்: என்5 வகுப்பு

டிசம்பர் தேர்வுக்கு முன் வாய்விட்டுச் செய்ய வேண்டிய பயிற்சி இது. அடைப்புக்குள் எண் மட்டும் இருக்கிறது. எண்ணப்படும் பொருளைப் பார்த்து, எண்ணை உரிய வடிவத்துக்கு மாற்றி, வாக்கியத்தை முழுதாகச் சொல்லுங்கள். விடைகளைப் பிறகு பாருங்கள்.

ஒலிக்குறிப்பு: ஹிதோரி, ஃபுதாரி ஆகியவற்றில் ‘த’ ‘தலை’யில் உள்ளது போல வல்லொலி. குதசாய், கொதோமோ ஆகியவற்றில் ‘அது’வில் உள்ளது போல மெல்லொலி. 5-க்கான ‘கோ’வைக் கோவிந்தன் என்பதில் போலச் சொல்லுங்கள். பெயருக்குப் பின் வரும் ‘கா’ உருபும் அப்படித்தான். கேள்வியின் முடிவில் வரும் ‘கா’ மட்டும் வல்லொலி.

பொருள்கள் (த்ஸு)
ஹிதோத்ஸு, ஃபுதாத்ஸு, மித்த்ஸு, யோத்த்ஸு, இத்ஸுத்ஸு, முத்த்ஸு, நானாத்ஸு, யாத்த்ஸு, கோகோனோத்ஸு, தோ. கேள்வி: இகுத்ஸு?

இந்தப் பத்தையும் வரிசையாக ஒப்பிப்பதைவிட இரட்டை இரட்டையாகப் பிடித்துக்கொள்வது நல்லது. 1-உம் 2-உம் ஹி, ஃபு. 3-உம் 6-உம் மி, மு. 4-உம் 8-உம் யோ, யா. மெய் ஒன்றுதான் (ஹ–ஃப இரண்டும் ஜப்பானியத்தில் ஒரே வரிசை). உயிர் மாறினால் எண் இரு மடங்காகிவிடுகிறது. இது ஜப்பானியர்களின் பழைய சொந்த எண். இச்சி, நி, சான் சீனத்திலிருந்து வந்தவை. 3, 4, 6, 8 நான்கிலும் த்ஸுவுக்கு முன் ஒரு கணம் மூச்சை நிறுத்துங்கள்.

மனிதர்கள் (நின்)
ஹிதோரி, ஃபுதாரி, சான்னின், யோனின், கோனின், ரொக்குனின், ஷிச்சினின் அல்லது நானானின், ஹாச்சினின், க்யூனின், ஜூனின். கேள்வி: நான்னின்?

நாமும் ஒருவர், இருவர் என்று தனிச்சொல் வைத்துவிட்டு, பிறகு ஆறு பேர், ஏழு பேர் என்று போகிறோம். ஜப்பானியம் மூன்றிலேயே ‘பேர்’ பக்கம் திரும்பிவிடுகிறது. 4-க்கு யோனின், யோன்னின் அல்ல.

மெல்லிய தட்டையானவை (மாய்)
இச்சிமாய், நிமாய், சான்மாய், யோன்மாய், கோமாய், ரொக்குமாய், நானாமாய், ஹாச்சிமாய், க்யூமாய், ஜூமாய். கேள்வி: நான்மாய்?

ஒலி எங்கும் மாறாது. தாள், தபால்தலை, பயணச்சீட்டு, புகைப்படம், தட்டு, சட்டை, ரொட்டித் துண்டு எல்லாம் இதில் அடங்கும். புத்தகம் தாளால் ஆனதுதான், ஆனாலும் அதற்கு மாய் வராது. சாத்ஸு என்று வேறொன்று உண்டு.

எண்ணின் இடத்தைக் கவனியுங்கள். “ஆப்பிள் மூணு குடுங்க” என்று கடையில் கேட்போமே, அதே வரிசை. பொருள், உருபு, எண், வினை. எண்ணுக்குப் பின் ‘ஓ’ உருபு சேர்க்காதீர்கள்.

பயிற்சி

1. ரிங்கோ ஓ (3) குதசாய். ஆப்பிள் மூன்று கொடுங்கள்.
2. காஸோக்கு வா (4) தெஸ். எங்கள் குடும்பத்தில் நான்கு பேர்.
3. ஹ்யாக்கு ஜூ என் நோ கித்தே ஓ (5) குதசாய். 110 யென் தபால்தலை ஐந்து கொடுங்கள்.
4. தாமாகோ ஓ (6) காய்மாஷ்தா. முட்டை ஆறு வாங்கினேன்.
5. நிவா நி கொதோமோ கா (8) இமாஸ். முற்றத்தில் எட்டுக் குழந்தைகள் இருக்கிறார்கள்.
6. தோக்யோ காரா க்யோதோ மாதே நோ கிப்பு ஓ (2) காய்மாஷ்தா. டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.
7. ஷோக்குபான் ஓ (1) தாபெமாஷ்தா. ரொட்டி ஒரு துண்டு சாப்பிட்டேன்.
8. கினோ, (1) தே ஏகா ஓ மிமாஷ்தா. நேற்றுத் தனியாகப் படம் பார்த்தேன்.
9. சாரா ஓ (10) தோ கொப்பு ஓ (10) குதசாய். தட்டு பத்தும் கிளாஸ் பத்தும் கொடுங்கள்.
10. இஸு கா (11) அரிமாஸ். நாற்காலி பதினொன்று இருக்கிறது.
11. உணவகத்தில்:
— நான்மே-சாமா தெஸ் கா?
— (2) தெஸ். கோஹீ ஓ (2) குதசாய்.

விடைகள்

1 மித்த்ஸு. 2 யோனின். 3 கோமாய், உள்நாட்டுக் கடிதத்துக்கு 2024 அக்டோபரிலிருந்து இந்த விலைத் தபால்தலைதான். 4 முத்த்ஸு. 5 ஹாச்சினின், உயிருள்ளவர்கள் என்பதால் வினை இமாஸ். 6 நிமாய். 7 இச்சிமாய், முழு ரொட்டி என்றால் இது பொருந்தாது, வெட்டிய துண்டுக்குத்தான்.

8 ஹிதோரி. இங்கே ‘தே’ உருபு கட்டாயம். ஹிதோரி தே என்றால் தனியாக.

9 முதலில் ஜூமாய், பிறகு தோ. ஒரே எண் ஒரே வாக்கியத்தில் இரண்டு முகம் காட்டுகிறது. தட்டு தட்டையானது, கிளாஸ் அப்படியல்ல. இதைத் தயங்காமல் சொல்ல வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

10 ஜூஇச்சி. த்ஸு வரிசை பத்தோடு முடிகிறது. அதற்கு மேல் எண்ணை மட்டும் சொல்லலாம்.

11 ஃபுதாரி, பிறகு ஃபுதாத்ஸு. பணியாளர் மரியாதைக்காக ‘மே’ போட்டு, ‘சாமா’வும் சேர்த்துக் கேட்கிறார். நீங்கள் உங்களையே எண்ணும்போது அந்த மரியாதையைத் திருப்பிச் சொல்லக் கூடாது. சாதாரண ஃபுதாரிதான் சரி. காபியைக் கோப்பைக் கணக்கில் எண்ணத் தனிச்சொல் உண்டு. ஆனாலும் ஆர்டர் சொல்லும்போது ஜப்பானியர்களே ஃபுதாத்ஸு என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.