தெருநாய்களுக்கு விஷம் வைப்போர் மீது நடவடிக்கை கோரி மனு

அனுப்புநர்
பாரதி நகர் 4-வது தெரு குடியிருப்போர்,
வார்டு 17.

பெறுநர்
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

நாள்: 18.02.2026

பொருள்: தெருநாய்களை விஷம் வைத்துக் கொல்வது – காவல்துறையில் புகார் அளிக்கவும் தடுப்பு நடவடிக்கை எடுக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த ஞாயிறு முதல் எங்கள் தெருவில் மூன்று நாய்கள் விஷச் சோறு தின்று செத்துள்ளன. முதல் நாய் விடியற்காலையில் ரேஷன் கடை வாசலில் நுரை தள்ளிக் கிடந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. ஆட்டோவில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. அருகிலேயே கோழிக்குடல் பிசைந்த சோறு ஒரு வாழையிலையில் இருந்தது. வயலுக்குப் போடும் குருணை மருந்து போல ஊதா நிறத்தில் ஏதோ அதில் ஒட்டியிருந்தது. அதைக் கொத்திய இரண்டு காகங்களும் செத்து விழுந்தன. அங்கிருந்து இருபதடி தூரத்தில் அங்கன்வாடி இருக்கிறது. கீழே கிடப்பதை எடுத்து வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள் என்பதைத் தாங்கள் முதலில் கவனிக்க வேண்டுகிறோம்.

செத்தவற்றில் இரண்டு, தங்கள் நகராட்சியே பிடித்துச் சென்று கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காது நுனி வெட்டி எங்கள் தெருவிலேயே கொண்டுவந்து விட்ட நாய்கள். அவை போன இடத்துக்கு ஊசி போடாத வெளி நாய்கள் வரும். அப்போது ஆபத்து எங்களுக்குத்தான்.

இரவில் பைக்கைத் துரத்துகின்றன, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்ற குறை எங்கள் தெருவிலும் உண்டு. அது நியாயமான குறை. அதற்குத் தங்களிடம் மனு கொடுக்கலாம். கருத்தடைப் பணியை விரைவுபடுத்தச் சொல்லலாம். இருட்டில் சோற்றில் விஷம் கலந்து வைப்பதை எந்தக் குறையும் நியாயமாக்காது. பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி விலங்கை விஷம் வைத்துக் கொல்வது ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும்.

முதல் இரண்டு உடல்களும் குப்பை வண்டியில் போய்விட்டன. மூன்றாவது உடலை அரசு கால்நடை மருத்துவமனையில் ஒப்படைத்துள்ளோம். அது அழுகுவதற்குள் பிரேதப் பரிசோதனை செய்து, உள்ளுறுப்பு மாதிரிகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இதுதான் மிக அவசரம். ரேஷன் கடை முனையிலுள்ள சிசிடிவி பதிவு அழியுமுன் அதைக் கைப்பற்றக் கேட்டு, நகராட்சியின் பெயரிலேயே காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டுகிறோம்.

தெருவிலும் சாக்கடை ஓரத்திலும் மிச்ச விஷம் கிடக்கிறதா என்று துப்புரவுப் பணியாளர்களைக் கையுறையோடு அனுப்பித் தேடச் செய்யுங்கள். விஷம் வைப்பது குற்றம் என்று வார்டு முழுவதும் ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். மீதமுள்ள நாய்களுக்கு அடுத்த முகாமிலேயே கருத்தடையும் ஊசியும் வேண்டும். அவற்றைப் பிடித்துக் கொடுக்கவும், விசாரணைக்கு வந்து சாட்சி சொல்லவும் நாங்கள் தயார்.

எடுத்த நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாரதி நகர் 4-வது தெரு குடியிருப்போர்

இணைப்பு: புகைப்படங்கள், குடியிருப்போர் கையொப்பங்கள்.
நகல்: காவல் ஆய்வாளர், கால்நடை பராமரிப்புத் துறை உதவி இயக்குநர்.