கேழ்வரகு மாவு விளம்பரம், 30 நொடி: ஆறு பிரேம்களுக்கான ப்ராம்ட்

பென்னாகரம் பக்கத்து மகளிர் குழுவுக்காக. ஷூட்டிங்குக்கு முன்னால் அவர்களுக்குக் காட்ட வேண்டிய ஸ்டோரிபோர்டு இது. கீழே உள்ள பொதுப்பகுதியை ஒவ்வொரு பிரேமுக்கும் முன்னால் அப்படியே ஒட்டவும், ஒரு சொல்லைக்கூடச் சுருக்க வேண்டாம். போன தடவை மூன்றாவது பிரேமில் "பாட்டி" என்று மட்டும் போட்டோம். யாரோ வீட்டுப் பாட்டி வந்து உட்கார்ந்திருந்தார். படம் வரையும் AI-க்கு முந்தைய பிரேம் நினைவில் இருக்காது.

பொதுப்பகுதி

மாதம்மாள், 58 வயது, ஒல்லியான தேகம், கருத்த நிறம், நடுவகிடு எடுத்து வாரிய நரைத்த முடி, சின்னக் கொண்டை, இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடது புருவத்துக்கு மேல் சிறு தழும்பு. பாசிப்பச்சை நூல் சேலை, மெல்லிய அரக்குக் கரை, வெள்ளை ரவிக்கை. வலது கையில் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல். பேத்தி நிலா, 9 வயது, மாநிறம், இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், மஞ்சள் கவுன், முன்பல் ஒன்று விழுந்த இடைவெளி. இடம்: தர்மபுரி மாவட்டக் கிராமத்து நாட்டு ஓட்டு வீடு, சாணம் மெழுகிய திண்ணை, நீல வண்ணம் உரிந்த மரக்கதவு. கதவுக்கு இடப்பக்கம் செம்மண் வாசல், அதைத் தாண்டி ஒரு புளியமரம், தூரத்தில் உருண்டைப் பாறைகள் அடுக்கிய மொட்டைக் குன்று. மார்கழிக் காலை ஏழு மணி, வெயில் இடப்பக்கமிருந்து தாழ்வாக விழுகிறது. பென்சில் கோடும் நீர்வண்ணமும் கலந்த ஓவியம். செம்மண் #9C4A2B, சேலை #5E7F3A, கதவு #3E7CB1, கவுன் #E8B83A, களி #5A3A32.

கீழே உள்ள வரியை மட்டும் ஒவ்வொரு பிரேம் ப்ராம்ட்டின் கடைசியிலும் ஒட்டவும், நடுவில் வந்தால் வேலை செய்யாது.

```
--ar 16:9 --seed 4127 --no wheat, chocolate, waterfall, text
```

அருவியை ஏன் தடுத்திருக்கிறோம் என்று கேட்பீர்கள். தர்மபுரி என்றாலே ஒகேனக்கல்லைக் கொண்டுவந்து பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். குழுவிலிருந்த அக்காக்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிரேம் 1 (0–4 நொடி)
தூரக் காட்சி. அறுவடைக்கு நிற்கும் கேழ்வரகு வயல், நடுநடுவே அவரை வரிசை. கதிர்கள் பழுப்பு, ஒவ்வொன்றும் ஐந்தாறு விரல்களை உள்பக்கம் மடக்கிய கை மாதிரி. கதிரில் நீண்ட முள் இல்லை. மாதம்மாள் இடுப்பில் கதிர்க்கட்டுடன் வீட்டை நோக்கி நடக்கிறார், முதுகு மட்டும் தெரிகிறது. குன்று வலது மூலையில்.

பிரேம் 2 (4–8)
நடுக்காட்சி. பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்த நிலா திண்ணையில் கால் தொங்கவிட்டு, முகத்தைச் சுளித்து உட்கார்ந்திருக்கிறாள். நீலக்கதவு அவள் பின்னால், பாதி திறந்திருக்கிறது.

பிரேம் 3 (8–15)
இதுதான் முக்கியமான படம், நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். கைகளும் தட்டும் மட்டும், மிக அண்மைக் காட்சி, கேமரா தட்டின் உயரத்தில். மாதம்மாளின் ஈரக் கைகள் சூடான களியை உருட்டுகின்றன, விரல் இடுக்கில் ஆவி. களி வழுவழுப்பாக, ஈரப் பளபளப்புடன், #5A3A32 நிறத்தில் இருக்க வேண்டும். லட்டு மாதிரி மணல்மணலாகவோ, கேக் மாதிரி பொசுபொசுவென்றோ வரக்கூடாது. உருண்டையின் உச்சியில் கட்டைவிரலால் அழுத்திய குழி, அதில் அவரைக்கொட்டைக் குழம்பு வழிகிறது. எவர்சில்வர் தட்டு. பச்சை வளையல் இரண்டும் தெரியட்டும், முகம் இல்லாத படத்தில் இது மாதம்மாள்தான் என்று சொல்வது அவைதான். சேலைக் கரை ஓரத்தில் கொஞ்சம்.

பிரேம் 4 (15–20)
இருவரும் திண்ணையில் எதிரெதிரே, நடுவில் தட்டு. நிலா வாயில் ஒரு வாய் களியை வைத்துக்கொண்டு மெல்லத் தெரியாமல் திணறுகிறாள். மாதம்மாள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறார். நிழல்கள் வலப்பக்கம் விழ வேண்டும். குரல்: "மெல்லாத கண்ணு, முழுங்கு."

பிரேம் 5 (20–25)
நிலாவின் முகம், அண்மை. கன்னத்தில் குழம்புத் துளி, பல் இடைவெளி தெரியும் சிரிப்பு, இரண்டு ரிப்பனும் சிவப்பு. நீலக்கதவு மங்கலாகப் பின்னால். குரல்: "ஆயா, இன்னொரு உருண்டை!"

பிரேம் 6 (25–30)
அதே திண்ணை, பிரேம் 2-இன் அதே கோணம். தட்டு காலி. பக்கத்தில் எழுத்தில்லாத பழுப்புக் காகித மாவுப் பை, முன்பக்கம் கேமராவைப் பார்த்து. இருவரும் உள்ளே போகிறார்கள், கதவு வாசலில் சேலைத் தலைப்பும் ஒரு பின்னலும் மட்டும். பையின் மேல் பெயரை நாங்களே பின்னால் வைத்துக்கொள்கிறோம்; தமிழ் எழுத்தை வரையச் சொன்னால் கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன.

பிரேம் 2 சரியாக வந்ததும் அந்தப் படத்தையே மற்ற ஐந்துக்கும் மாதிரிப் படமாகக் கொடுத்து ஓட்டவும். சேலை நீலத்துக்குப் போனால் அந்தப் பிரேமை மட்டும் திரும்ப எடுங்கள், பொதுப்பகுதியில் கை வைக்க வேண்டாம்.