காலி பாட்டில் வேண்டாம், கையில் பாட்டில் வேண்டும்

தலைமையாசிரியர் அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் காலை வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவிலிருந்து, தேசிய பசுமைப் படை சார்பாகப் பேச வந்திருக்கிறேன். எல்லோரும் வீட்டிலிருந்தே தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

நேற்று மதிய இடைவேளை முடிந்ததும் வேப்பமரத்தடிக் குப்பைத்தொட்டியைப் பார்த்தோம். பாதித் தண்ணீரோடு மூடி திருகிய பாட்டில்கள். சாம்பார் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கள், அதில் எறும்பு மொய்க்கிறது. சாப்பாடு பொதிய அந்தத் தாளுக்கும் தண்ணீர் பாக்கெட்டுக்கும் நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதலே தடை. ஆனாலும் நம் பைக்குள் வந்துவிடுகிறது!

புது பாட்டிலோ டப்பாவோ வாங்கச் சொல்லவில்லை. வீட்டுப் பரணில் தாத்தா காலத்து எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கட்டாயம் இருக்கும். நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, புளிசாதம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. பிளாஸ்டிக் டப்பாவில் ஏறும் எண்ணெய் வாடை இதில் ஏறாது, சாம்பல் போட்டுத் தேய்த்தாலே பளபளக்கும்.

"பாட்டில் நாறுகிறது" என்று சிலர் சொல்கிறார்கள். சரி, மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷரைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். அழுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். கடையில் வாங்கிய மெல்லிய பாட்டிலை மாதக்கணக்கில் நிரப்பிக் குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அது ஒருமுறைக்கென்று செய்தது.

அப்புறம், பாட்டிலிலும் டப்பாவிலும் பெயர், வகுப்பு எழுதுங்கள். காணாமல் போனவற்றை அலுவலக அறை வாசலில் உள்ள கூடையில் வைத்திருப்போம். திங்கள்கிழமை முதல் மதியம் குடிநீர்க் குழாயடியில் இரண்டு பேர் நிற்போம். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் முதலில் நிரப்பட்டும், பெரியவர்கள் பிறகு வாருங்கள். நன்றி, வணக்கம்.