செல்வா, காதுகுத்துல நீ சொன்னது பத்தி

மாப்ள, நேத்தே போன் பண்ணலாம்னு பாத்தேன், பேசுனா கத்திருவேன்னு விட்டுட்டேன், அதான் டைப் பண்றேன். முழுசா படிச்சிட்டு பதில் போடு.

தன்லின்ல உன் பொண்ணு காதுகுத்துக்கு என் பொண்டாட்டி தேவி விடியகாலைலயே வந்து உங்க அம்மா கூட அடுப்படில நின்னா. பந்தியில சாம்பார் ஊத்தும்போது நீ அத்தன பேர் முன்னாடி "கப்யா வீட்டு கை, எவ்வளவு பெருங்காயம் போட்டாலும் ஙாப்பி வாசம் போகாது"ன்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா, வேற என்ன பண்ணுவா? வீட்டு விசேஷத்துல தகராறு வேணாம்னுதான் நானும் வாய தொறக்கல. பஸ்ல யாங்கோன் வர வரைக்கும் அவ ஒரு வார்த்தை பேசல.

ஙாப்பிய பத்தி இல்லடா. உங்க வீட்லயும் தினம் ஙாப்பி தட்டு இருக்கு, பாலச்சாங் இல்லாம உனக்கு சோறு எறங்காது. நீ இழுத்தது அவ ஆயாவ. 64-ல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துகிட்டப்போ தாத்தா கப்பலேறி போனவரு திரும்பல. அந்த பர்மாக்கார அம்மாதான் மூணு பிள்ளைங்களையும் வச்சிகிட்டு, தனக்கு ஒரு எழுத்து தெரியாட்டியும் கோயில்ல தமிழ் படிக்க அனுப்புச்சு, பங்குனிக்கு பங்குனி மஞ்ச துணி கட்டி விட்டுச்சு. நம்ம ஆளுங்க எத்தன வீட்ல பிள்ளைங்களுக்கு இப்ப தமிழ் வாசிக்க தெரியும் சொல்லு.

கார்டு எடுக்க இமிக்ரேஷன் ஆபீஸ் போனா கப்யா, கலப்பு ரத்தம்னு அவள தனியா உக்கார வச்சு கேள்வி கேப்பாங்க. அங்க கேட்டத நம்ம பந்தியிலயும் கேக்கணுமா? பஸ்ல ஒருத்தன் உன்ன "கலா"ன்னு கேவலமா கூப்டதுக்கு நீ சட்டைய புடிச்ச, ஞாபகம் இருக்கா, நடுவுல விலக்கி விட்டவன் நான்தான்.

உன் வாய் எப்பவும் அப்படித்தான்னு தெரியும், என்ன எவ்வளவு வேணாலும் ஓட்டு, என் தொப்பைய, என் கடைய, எதையும் ஓட்டு. அவ வீட்டாள இனிமே தொடாத. ஜோக்குக்கு கூட. என் பசங்களும் அந்த ரத்தம்தான், பெரியவன் அங்க பக்கத்துலதான் சாப்டுட்டு இருந்தான், வீட்டுக்கு வந்து கப்யான்னா நாமளாப்பான்னு கேட்டான்.

எனக்கு சாரி அனுப்பாத. தேவிக்கு போன் பண்ணு, மெசேஜ் வேணாம், குரல்ல பேசு. "தப்பா எடுத்துக்காத தங்கச்சி"ன்னு ஆரம்பிக்காத, எடுத்துக்க வேண்டியததான் எடுத்துகிட்டா. நீ சொன்னது தப்புன்னு நேரா சொல்லு, உங்க அம்மா பக்கத்துல இருக்கும்போது சொன்னா இன்னும் நல்லது, அவங்களும் அன்னிக்கு சிரிச்சாங்க.

எங்க பெரிய அண்டாவும் ரெண்டு கரண்டியும் உங்க வீட்ல இருக்கு. ஞாயித்துக்கிழம வந்து எடுத்துக்கிறேன், நான் மட்டும்தான் வருவேன்.